படத்தில் ஒட்டாத சாய்தளம்

ஒரு பொதுக் கட்டடம் எழும்பும் முன்பே அதன் படம் வந்துவிடுகிறது. கட்டடக் கலைஞர்கள் 'ரெண்டர்' என்று சொல்லும் இந்தப் படம் கணினியில் கட்டிய மாதிரிக்கு வெயிலும் நிழலும் ஆட்களும் சேர்த்து எடுப்பது. சாய்தளம், பிடிகம்பி, அகலமான கதவு மூன்றும் இந்தப் படத்தில்தான் பெரும்பாலும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சலவைக்கல் படிகளின் ஓரத்தில் சாம்பல்நிற சிமெண்ட் சரிவு ஒன்று, அதன்மேல் பளபளக்கும் எஸ்.எஸ். குழாய், பக்கத்தில் சக்கர நாற்காலி வரைந்த நீலப் பலகை. பார்த்த உடனே தெரிந்துவிடும், இது கடைசியில் சேர்த்தது என்று.

குறை படம் எடுக்கும் கட்டத்தில் தொடங்குவதில்லை. மாதிரி செய்பவர் முதலில் படிகளைக் கட்டிவிடுகிறார். அனுமதிக்குத் தேவை என்று நினைவு வந்ததும் ஆயத்தச் சாய்தளம் ஒன்றைக் கோப்பிலிருந்து இழுத்துவந்து மிச்சமிருக்கும் மூலையில் வைக்கிறார். அப்படி வைத்ததை எந்த வெளிச்சமும் இயல்பாக்காது. ஆகவே வேலை நீளக் கணக்கிலிருந்தே தொடங்க வேண்டும்.

சிறிய கிளை நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். முகப்பு 14 மீட்டர் அகலம். பேஸ்மட்டம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம், அதாவது 15 சென்டிமீட்டர் வீதம் மூன்று படி. சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட உச்ச வரம்பு 12-க்கு 1: ஒரு பங்கு ஏற 12 பங்கு நீளம். 45 சென்டிமீட்டருக்கு 5.4 மீட்டர் ஆகிறது. சக்கர நாற்காலி நின்று திரும்ப மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும். மொத்தம் 8.4 மீட்டர். இவ்வளவு நீளமான ஒன்றை மூலையில் ஒளித்துவைக்க முடியாது. முகப்பின் பாதிக்கும் மேல் அதுவே எடுத்துக்கொள்ளும் என்பதால், முகப்பை அதை வைத்தே வடிவமைப்பதுதான் வழி.

சாய்தளத்தை முகப்புச் சுவரையொட்டி இடப்பக்கத்திலிருந்து ஏறவிட்டு, படிகளை முன்னாலிருந்து வரவிட்டு, இரண்டையும் வாசலுக்கு முன்னே ஒரே சமதளத்தில் சேர்க்கலாம். வெளிப்பக்கம் 45 சென்டிமீட்டர் உயரத்தில் மட்டமான ஒரு சிறு சுவர் ஓடட்டும். அது உட்காரும் திண்ணையின் உயரம். நூலகம் திறக்கக் காத்திருப்பவர்கள் அதில் உட்காருவார்கள். உள்பக்கம் தரை மெல்ல எழுந்து, மேல் முனையில் திண்ணையின் மட்டத்தைத் தொடும். அந்த இடத்தில் சக்கரம் நழுவாமலிருக்க ஓரத்தில் சிறு வரம்பு தேவை. முற்றத்தில் பதித்த கல்லே சாய்தளத்திலும் தொடர்ந்தால், கண் அதை முற்றத்தின் ஒரு மடிப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை: கல் வழுவழுப்பாக இருக்கக் கூடாது. படத்தில் ஈரத்தரை போல மின்னும் சாய்தளம் அழகாக இருக்கலாம். மழைக்காலத்தில் அதுதான் ஆளை விழத்தட்டும்.

கேட்டிலிருந்து வாசலுக்கு 9 மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்ல வழி உண்டு. முற்றம் முழுவதையுமே 20-க்கு 1 என்ற மென்சரிவில் ஏற்றிவிட்டால் படியே வேண்டாம்.

இனி கேமரா. 12-க்கு 1 என்பது கிட்டத்தட்ட 5 டிகிரிதான். ஏறும் திசையிலேயே பார்த்தால் சரிவு மறைந்து வெறும் நடைபாதையாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால்தான் அது மெல்லிய ஆப்பு வடிவில் விரியும். நம் நூலகத்தில் சாய்தளம் முகப்புக்கு இணையாகப் போவதால் முன்னாலிருந்து எடுக்கும் படமே போதும். மட்டமான திண்ணை விளிம்பும் பின்சுவரின் செங்கல் வரிகளும் சரிவை அளந்து காட்டும். வெயிலைப் பக்கத்திலிருந்து தாழ்வாக விட்டால் கைப்பிடியின் நிழல் தரையில் சாய்வாக விழுந்து மிச்சத்தைச் சொல்லிவிடும்.

கைப்பிடிதான் படத்தில் அதிகம் காணாமல் போகும் பொருள். 4 சென்டிமீட்டர் குழாய். 1920 புள்ளி அகலப் படத்தில், 60 டிகிரி பார்வையில், 10 மீட்டர் தூரத்தில் அதற்குக் கிடைப்பது ஏறத்தாழ 7 புள்ளிகள். 30 மீட்டர் தள்ளிப் போனால் இரண்டே புள்ளி. வெளிறிய சுவருக்கு முன்னே பளபளப்பான எஃகு அங்கே கரைந்துவிடும். குழாயைத் தடிமனாக்குவது தவறு, ஏனென்றால் கைக்கு அடங்காத கம்பியைப் பிடிக்க முடியாது. அடர்ந்த நிறம் கொடுப்பது சரி. பார்வை குறைந்தவர்களுக்கும் நிஜக் கட்டடத்தில் தேவைப்படுவது அதே நிற வேறுபாடுதான். படிக்கும் சாய்தளத்துக்கும் ஒரே கம்பி வளைந்து தொடர்வது நல்லது. சரிவு முடிந்த பிறகும் அது சுமார் 30 சென்டிமீட்டர் மட்டமாக நீண்டு, கீழே அல்லது சுவருக்குள் மடங்க வேண்டும். அழகைக் கெடுக்கிறது என்று மாதிரி செய்பவர்கள் வெட்டிவிடுவது இந்த நீட்சியைத்தான்.

கதவைப் பொறுத்தவரை வேலை குறைவு. திறந்த நிலையில் தடையில்லாமல் 90 சென்டிமீட்டர் வழி வேண்டும். கதவின் கனமும் கீலும் சிறிது தின்னும் என்பதால் நிலை ஒரு மீட்டரைத் தாண்டும். மூடிய கதவை வரைந்தால் இது யாருக்கும் தெரியாது. திறந்தே காட்டி, வெளிக்கல்லின் கோடுகள் வாசற்படி இல்லாமல் உள்ளே ஓடுவதைக் காட்டினால் போதும். கழிப்பறைக்கு யாரும் படம் எடுப்பதில்லை, ஒன்றாவது எடுக்கலாம். இருக்கையைவிட சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில் பிடிகம்பி, அதே உலோகத்தில் குழாயும் துண்டுக் கம்பியும் இருந்தால் அது மருத்துவமனை போலத் தோன்றாது.

ஆட்களில்தான் பல படங்கள் சறுக்குகின்றன. சமதரையில் எடுத்த சக்கர நாற்காலிப் படத்தை வெட்டிச் சரிவில் ஒட்டினால் ஒரு சக்கரம் காற்றில் நிற்கும். நாற்காலியையும் 5 டிகிரி சாய்க்க வேண்டும். அவரைத் தனியாக, விளம்பரத்துக்கு நிறுத்தியது போல நிறுத்தக் கூடாது. பேசிக்கொண்டே நண்பரோடு ஏறட்டும். அவருக்குப் பின்னால் புத்தகப் பெட்டி வைத்த தள்ளுவண்டி வரட்டும், ஒரு பாட்டி கம்பியைப் பிடித்து இறங்கட்டும்.

ஒன்றிணைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. கனடாவின் வான்கூவர் நகரில் ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த ராப்சன் சதுக்கத்தில் சாய்தளம் படிக்கட்டின் ஊடாகவே குறுக்கும் நெடுக்குமாக ஏறுகிறது. உலகெங்கும் கட்டடக்கலை மாணவர்கள் வியந்து பார்க்கும் படம் அது. ஆனால் படி எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்பது பார்வை குறைந்தவர்களுக்குப் பிடிபடாது என்றும், போதிய கைப்பிடி இல்லை என்றும் அதன்மேல் விமர்சனம் உண்டு. படி விளிம்பின் நிறப்பட்டையையும் சரிவின் இரு முனைகளிலும் வரும் மஞ்சள் புள்ளி ஓடுகளையும் அழகுக்காகப் படத்திலிருந்து அழிப்பது இதே தவறைத் திரும்பச் செய்வதாகும்.

திட்டப் பலகையில் இப்படியொரு படம் கண்ணில் பட்டால் படிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு படிக்குச் சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். மூன்று படி என்றால் வாசல் கதவின் உயரத்தைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று அதிகம். படத்தில் அது கதவின் உயரமே இருந்தால், அந்தச் சாய்தளத்தில் எந்தச் சக்கர நாற்காலியும் தானாக ஏறாது.