நொடித்த நிறுவனத்தின் பணம் யாருக்கு முதலில் போகிறது?

நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்குபவர் அதன் உரிமையாளர்களில் ஒருவராகிறார். அதன் கடன்பத்திரத்தை வாங்குபவரோ அதற்குக் கடன் கொடுத்தவராகிறார். லாபம் எவ்வளவு பெருகினாலும் கடன் கொடுத்தவருக்குப் பேசிய வட்டிக்கு மேல் கிடைப்பதில்லை என்பதால், நிறுவனம் நொடிக்கும்போது அவருடைய கடனைத் தீர்த்த பிறகே உரிமையாளர் கை நீட்ட முடியும்.

இந்தியாவில் இந்த வரிசையை 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின் 53ஆம் பிரிவு வகுக்கிறது. நிறுவனம் கலைக்கப்பட்டுச் சொத்துகள் விற்கப்பட்டால், முதலில் அந்த நடவடிக்கைகளின் செலவு கழிக்கப்படும். அடுத்து, தொழிலாளர்களின் 24 மாத நிலுவையும், சொத்தை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்து, அந்த ஈட்டைப் பொதுத் தொகுப்புக்கு விட்டுக்கொடுத்தவர்களின் கடனும் சமநிலையில் நிற்கும். பிற ஊழியர்களின் 12 மாத ஊதியத்துக்குப் பின்னரே ஈடில்லாமல் கடன் கொடுத்தவர்கள் வருகிறார்கள். அரசுக்கான பாக்கியும் மற்றக் கடன்களும் தீர்ந்த பின் முன்னுரிமைப் பங்குதாரர்களும், கடைசியாகச் சாதாரணப் பங்குதாரர்களும் இடம்பெறுகிறார்கள். ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு கடன்பத்திரங்களில், ஈடுள்ளது இரண்டாம் படியிலும் ஈடற்றது நான்காம் படியிலும் நிற்கக்கூடும்.

பங்குதாரர்கள் கடைசியில் நிற்பதற்கு வீட்டுக்கடன் நிறுவனமான டிஎச்எஃப்எல் தெளிவான சான்று. 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் இயக்குநர் குழுவைக் கலைத்து, நொடிப்பு நடவடிக்கைக்கு அனுப்பியது. ஏற்கப்பட்ட கடன் கோரிக்கைகள் சுமார் 87,000 கோடி ரூபாய். நிறுவனத்தைக் கலைக்காமல் வேறொருவர் ஏற்று நடத்தும் தீர்வுத் திட்டத்தின்படி பிரமல் குழுமம் அளித்த தொகை 34,250 கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய 14,700 கோடி ரொக்கமாகவும், மீதி புதிய கடன்பத்திரங்களாகவும் வந்தது. இத்தகைய திட்டத்தில் பங்கீட்டைக் கடன் கொடுத்தவர்களின் குழு 66 விழுக்காடு வாக்குகளால் முடிவுசெய்கிறது. எதிர்த்து வாக்களித்த, நிதிக் கடன் கொடுத்தவருக்கும் கலைப்பில் கிடைக்கக்கூடியதற்குக் குறையாத தொகை தரப்பட வேண்டும்.

பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாயாவது மிஞ்ச வேண்டுமென்றால் 87,000 கோடியும் முழுமையாகத் தீர்ந்திருக்க வேண்டும். அதில் பாதிகூட வராததால் அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. 2021 ஜூனில் தீர்ப்பாயம் திட்டத்தை ஏற்றதைத் தொடர்ந்து பழைய பங்குகள் ரத்தாகிச் சந்தைப் பட்டியலிலிருந்து நீங்கின. ஆனால் தீர்ப்பாயம் ஏற்ற பிறகும் சில நாள் அவை சந்தையில் கைமாறிக்கொண்டிருந்ததால், நிறுவனம் புதிய கைக்குப் போனால் பங்கும் உயரும் என்று நம்பி வாங்கியவர்கள் போட்ட பணம் முழுவதையும் இழந்தார்கள்.

நொடிப்பு நடவடிக்கையில் உள்ள பங்கின் சந்தை விலை அதன் மதிப்புக்குச் சான்றாகாது. ஏற்கப்பட்ட கோரிக்கைகளின் மொத்தத்தையும் வாங்குபவர் தரும் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, தொகை கடனைவிடக் குறைவாக இருந்தால் பங்குதாரர் எதையும் எதிர்பார்க்க இயலாது என்று முடிவுசெய்வதே சரியான கணக்கு.