கீழ்விளிம்பு தடித்த படம்

பழைய போலராய்டு படத்தைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். சதுரப் படம், சுற்றிலும் வெள்ளை விளிம்பு, அடியில் மட்டும் அந்த விளிம்பு தடிமனாக இருக்கும். அழகுக்காக அப்படி வைக்கவில்லை. 1972-இல் எட்வின் லேண்டின் நிறுவனம் கொண்டுவந்த எஸ்எக்ஸ்-70 கேமராவின் ஃபிலிமில், படத்தைக் கழுவும் ரசாயனம் அந்த அடிப்பட்டையில் ஒரு சிறு பையாக ஒளிந்திருந்தது. படம் வெளியே வரும்போது இரண்டு உருளைகள் அந்தப் பையை நசுக்கி, ரசாயனத்தைப் படம் முழுக்கப் பரப்பும். உதறினால்தான் படம் தெரியும் என்று பலரும் நம்பினார்கள். அதற்கு அவசியமே இல்லை.

அதே தோற்றத்தில் ஒரு பரிசு செய்ய கேமரா வேண்டாம். மொபைல் படமும் கொஞ்சம் அட்டையும் போதும். ஆனால் அளவு தவறினால் சாதாரண பார்டர் போட்ட படமாகிவிடும். அட்டை 88 மில்லிமீட்டர் அகலம், 107 மில்லிமீட்டர் உயரம். நடுவில் 79-க்கு 79 ஜன்னல். இருபுறமும் நாலரை மில்லிமீட்டர், மேலே 6, கீழே 22 விடுங்கள்.

தனுஷ்கோடிக் கடற்கரையில் மணல்மேல் நிற்கும் ஒரு தம்பதியின் படத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய கல்யாண நாளுக்குப் பரிசு. முதலில் சதுரமாக வெட்ட வேண்டும். ஆட்களைச் சற்றுக் கீழே வைத்து வானத்துக்கு நிறைய இடம் விடலாம். வெளுக்கும்போது வானம்தான் அதிகம் மாறும்.

வெளுப்பு என்றால் பிரைட்னஸைக் கூட்டுவது என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. அப்படிச் செய்தால் வானத்தில் இருக்கும் விவரம் போய்விடும். பழைய படத்தில் நிகழ்வது வேறு: கருப்பு சாம்பலாகிறது, வெள்ளை லேசாக மஞ்சளாகிறது. GIMP மென்பொருளில் Curves என்ற கருவியைத் திறந்தால் மூலைக்கு மூலை ஒரு கோடு தெரியும். அதன் இடதுகீழ் முனையை 0-இலிருந்து 35 வரை உயர்த்துங்கள். வலதுமேல் முனையை 255-இலிருந்து 240-க்கு இறக்குங்கள். அடுத்து நீலத்துக்கான கோட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் மேல்முனையை 225-க்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சப் பகுதிகளில் மஞ்சள் படியும். நிறச்செறிவையும் கொஞ்சம் குறையுங்கள்.

இதற்கு மேல் போகும்போது முகத்தைப் பாருங்கள். மாநிறத்தையும் கருநிறத்தையும் இந்த வெளுப்பு எளிதில் சாம்பல் பூசினாற்போல் ஆக்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த ஃபில்டர்கள் பெரும்பாலும் நிழல்பகுதியில் நீலம் ஏற்றுபவை. நம் முகங்களுக்கு அவை பொருந்துவதில்லை என்பது என் கருத்து. உதடும் கன்னமும் உயிரற்றுப் போனால் நிறச்செறிவைப் பாதிக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். கருப்பை உயர்த்தியதே வெளுப்பின் பெரும்பங்கைக் கொடுத்துவிடும்.

பிரிண்ட் எடுக்கும்போது 85 மில்லிமீட்டர் சதுரமாக எடுங்கள். ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால்தான் அட்டைக்குப் பின்னால் ஒட்ட இடம் கிடைக்கும். கடையில் கொடுக்கும்போது, 4-க்கு 6 அங்குல வெள்ளைத்தாளின் நடுவில் படத்தை வைத்துக் கொடுங்கள். "தாள் நிறையப் பெரிதாக்க வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் விளிம்பில்லாமல் அடிக்கும் இயந்திரம் படத்தைச் சற்றுப் பெருக்கி ஓரத்தை வெட்டிவிடும். வாங்கிய கையோடு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தாள் பளபளப்பானதாக இருக்கட்டும். அசல் போலராய்டில் படம் மினுங்கும், விளிம்பு மினுங்காது. அந்த வேறுபாடுதான் கண்ணை ஏமாற்றுகிறது.

விளிம்புக்கு மினுக்கம் இல்லாத, தந்தவெள்ளை நிற அட்டை, 250 அல்லது 300 ஜிஎஸ்எம். புதுப் பிளேடும் இரும்பு ஸ்கேலும் வைத்து, ஒரே அழுத்தத்தில் வெட்டாமல் மெதுவாக இரண்டு மூன்று முறை இழுங்கள். ஜன்னலை அட்டையின் பின்பக்கம் வரைந்து, பின்பக்கத்திலிருந்தே வெட்டினால் பென்சில் கோடு முன்னால் தெரியாது. கோடு மூலையைத் தாண்டினால் முன்பக்கத்தில் சிறு கீறலாக அது காட்டிக்கொடுக்கும். ஆகவே மூலைக்கு வந்ததும் பிளேடை நிறுத்தி, அட்டையைத் திருப்பிவைத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டி வாருங்கள்.

ஒட்ட வெள்ளைப் பசை வேண்டாம். அதிலுள்ள ஈரத்தில் தாள் ஊறி அலையலையாக எழும். படத்தின் நான்கு ஓரத்திலும் மெல்லிய டபுள் சைட் டேப்பே போதும். அதே அளவில் இன்னொரு அட்டையைப் பின்னால் ஒட்டினால் படம் வளையாது.

பெயரும் தேதியும் கீழ்ப்பட்டையில் நன்றாகக் காயும் மார்க்கரால் எழுதலாம். எழுதுவதைப் படத்தை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். எழுத்துப் பிழையானால் அட்டை மட்டும்தான் வீண்.