ஸ்லிப் வந்தது, பணம் வரவில்லை

கார்டு மெஷினில் APPROVED என்று வந்து ஸ்லிப்பையும் கிழித்துக் கொடுத்துவிட்டால், பணம் வந்தாயிற்று என்றுதான் பெரும்பாலான கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். வாடிக்கையாளரின் கைப்பேசியில் பணம் கழிந்த குறுஞ்செய்தியும் அப்போதே வந்துவிடுவதால் சந்தேகப்படவும் தோன்றாது. ஆனால் பல மெஷின்களில், அந்த நேரத்தில் கடையின் கணக்கை நோக்கி ஒரு ரூபாய்கூடப் புறப்பட்டிருக்காது. கடையை அடைப்பதற்கு முன் இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அதற்கு ‘செட்டில்மென்ட் போடுவது’ என்றும் ‘பேட்ச் குளோஸ் பண்ணுவது’ என்றும் பெயர். அது விடுபட்டால் அன்றைய கார்டு விற்பனை முழுவதும் மெஷினுக்குள்ளேயே கிடக்கும்.

கார்டு விற்பனையில் இரண்டு வங்கிகள் இருக்கின்றன. கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி ஒன்று, வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கி இன்னொன்று. நடுவில் ரூபே, விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க். கார்டைச் செருகிப் பின் நம்பரை அழுத்தியதும் மெஷின் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: இந்தக் கார்டில் இவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறதா? கார்டு வங்கி பார்த்து, அந்தத் தொகையை ஒதுக்கி வைத்து, ஓர் அனுமதி எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. வாடிக்கையாளருக்கு வரும் குறுஞ்செய்தி இந்தக் கட்டத்தைச் சேர்ந்தது. ‘அனுமதி கிடைத்த அந்தத் தொகையை இப்போது கொடு’ என்று கடையின் பக்கத்திலிருந்து தனியாகக் கேட்க வேண்டும். நல்ல காசோலையை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு வங்கியில் செலுத்த மறந்தால் என்ன ஆகுமோ, செட்டில்மென்ட் போடாத மெஷினில் அதுவே ஆகிறது.

இந்த ஏற்பாடு பழைய காலத்தின் மிச்சம். கார்டின் மேடான எழுத்துகளைக் கரித்தாளில் அழுத்தி ஸ்லிப் எடுத்த நாட்களில், கடைக்காரர் அன்றைய ஸ்லிப்புகளைக் கட்டாகக் கட்டி, மேலே எண்ணிக்கையும் மொத்தமும் எழுதிய தாளை வைத்து வங்கியில் கொடுப்பார். அந்தக் கட்டுக்குத்தான் பேட்ச் என்று பெயர். தாள் போய் மின்னணு வந்த பிறகும் கட்டு போகவில்லை. ஒவ்வொரு விற்பனையும் மெஷினின் நினைவகத்தில் ஒரு பேட்ச் எண்ணின் கீழ் சேர்ந்துகொண்டே போகும்.

மெனுவில் SETTLEMENT என்பதை அழுத்தினால், மெஷின் தன்னிடம் உள்ள விற்பனைகளின் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் வங்கியின் கணினிக்கு அனுப்பும். அங்கே உள்ள கணக்கும் அதுவே என்றால் பேட்ச் மூடப்படும். ஒத்துவராவிட்டால் மெஷின் ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியாக அனுப்பிவிட்டு மறுபடி மூடப் பார்க்கும். இதற்குச் சற்று நேரம் பிடிக்கும். பாதியில் சிக்னல் அறுந்தாலோ, அவசரத்தில் யாராவது மெஷினை அணைத்துவிட்டாலோ பேட்ச் திறந்தபடியே நின்றுவிடும். சரியாக முடிந்திருந்தால் மொத்தத் தொகையோடு செட்டில்மென்ட் ஸ்லிப் வரும், அதில் வெற்றி என்பதைக் குறிக்கும் வரி இருக்கும். அடுத்த நாள் முதல் ஸ்லிப்பில் பேட்ச் எண் ஒன்று கூடியிருக்கும். நேற்று 000147, இன்றும் 000147 என்றால் நேற்றைய கட்டு இன்னும் கட்டவே படவில்லை.

‘எங்கள் மெஷினில் அது தானாகவே நடக்கும்’ என்று பலர் சொல்வது உண்மைதான். சில மெஷின்களில் விற்பனை நடக்கும்போதே வங்கியின் கணினி அதைப் பதிந்துகொண்டு, இரவில் தானே கணக்கை மூடிவிடும். கடைக்காரர் எதையும் அழுத்த வேண்டியதில்லை. வேறு சில மெஷின்களில் குறித்த நேரத்துக்கு மெஷினே செட்டில்மென்ட் போடும். சிக்கல் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் வருகிறது. நேரம் இரவு 11 மணி என்று வைத்திருப்பார்கள். கடையோ ஒன்பதரைக்கு அடைக்கப்படும். பையன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவான். சார்ஜ் இல்லாத மெஷின் 11 மணிக்கு எதை அனுப்பும்? மெஷினை நிறுவ வருபவரிடம் ‘இதில் செட்டில்மென்ட் யார் போடுவது, எத்தனை மணிக்கு’ என்று கேட்டு, பதிலை மெஷினின் முதுகில் ஒட்டி வைப்பது நல்லது. க்யூஆர் வழியாக வரும் யுபிஐ பணத்துக்கு இந்தப் பேட்ச் கிடையாது, அது வேறு வழி. ‘யுபிஐ பணம் வந்துவிட்டது, மெஷின் சரியாகத்தான் இருக்கிறது’ என்ற நம்பிக்கை இதனால்தான் ஏமாற்றுகிறது.

ஒரு ஜவுளிக்கடையை எடுத்துக்கொள்வோம். வழக்கமான மெஷின் ஒன்று கல்லாவில் இருக்கிறது. தீபாவளிக் கூட்டத்துக்காக இரண்டாவது மெஷின் ஒன்றை வாங்கி மாடியில் வைக்கிறார்கள். சனிக்கிழமை கல்லா மெஷினில் 41,650 ரூபாய், மாடி மெஷினில் 28,300 ரூபாய், ஆக 69,950. கல்லா மெஷினுக்கு வழக்கம்போல் செட்டில்மென்ட் போட்டார்கள். மாடி மெஷினை யாரும் தொடவில்லை. கூட்டம் முடிந்ததும் அது சார்ஜ் இறங்கி மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. வங்கிக் கணக்கில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் வரவாகிறது. அன்று ஒரு ரூபாயும் வராமல் போயிருந்தால் முதலாளி உடனே விழித்திருப்பார். கொஞ்சம் வந்ததால் ‘மீதி கமிஷன் பிடித்தம், அடுத்த நாள் வரும்’ என்று அந்த விஷயம் அப்படியே கடந்துபோகிறது. இந்தக் கோளாறில் நான் மிகவும் அஞ்சுவது இந்தப் பாதி வரவைத்தான்.

கமிஷன் எவ்வளவு இருக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே அந்தச் சமாதானம் நிற்காது. மாடி மெஷினில் ஏழு பில், எல்லாமே 2,000 ரூபாய்க்கு மேல். ரூபே டெபிட் கார்டில் 6,400 ரூபாய். 2020 ஜனவரி முதல் இதற்குக் கமிஷன் கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளில் 9,900. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்கு மேல் உள்ள கடைக்கு ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு 0.90 சதவீதம், அதாவது 89 ரூபாய் 10 காசு. கிரெடிட் கார்டில் 12,000. இதற்கு அந்த மாதிரி வரம்பு இல்லை, ஒப்பந்தப்படி 1.8 சதவீதம் என்று வைத்தால் 216 ரூபாய். இரண்டும் சேர்ந்து 305.10. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54.92. மொத்தப் பிடித்தம் 360 ரூபாய் 2 காசு. 28,300 ரூபாய்க்கு 27,939.98 வந்திருக்க வேண்டும். பிடித்தம் நூற்றுக்கணக்கில் இருக்கலாம், 28,000 ஆக முடியாது.

இரண்டு வாரம் கழித்து மாதக் கணக்கில் இது தெரியவந்தால் முதலில் செய்யக் கூடாதது, அந்த வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு மறுபடி கார்டு தேய்க்கச் சொல்வது. பழைய பேட்ச் பின்னால் போய்ச் சேர்ந்துவிட்டால் அவர்களுக்கு இரட்டைப் பிடித்தம் ஆகிவிடும். மெஷினைச் சார்ஜில் போட்டு, சிக்னல் உள்ள இடத்தில் வைத்து, ரிப்போர்ட் மெனுவில் விவர அறிக்கையை எடுக்க வேண்டும். ஏழு விற்பனையும் 28,300 ரூபாய் மொத்தமும் அதில் இருந்தால் நிம்மதி: பணம் தொலையவில்லை, கேட்கப்படாமல் இருக்கிறது. அந்த அறிக்கையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு செட்டில்மென்ட் போடலாம். மெஷின் மறுத்தால் திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே குறித்துக்கொண்டு மெஷின் கொடுத்த வங்கியை அழைக்க வேண்டும். அவர்கள் கேட்பது ஸ்லிப்பின் தலையில் உள்ள MID, TID எண்கள், பேட்ச் எண், ஒவ்வொரு விற்பனைக்கும் RRN என்ற 12 இலக்க எண், அனுமதி எண். மெஷின் பழுதாகியிருந்தாலும் கடைப் பிரதிகள் கையில் இருந்தால் அவற்றை வைத்து வங்கியிடம் கைமுறையாகக் கேட்க வழி உண்டு. அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். பெரிய தொகை ஸ்லிப்புகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது வீண்வேலை அல்ல.

தாமதத்துக்கு விலையும் உண்டு. கார்டு வங்கி தொகையை எப்போதும் ஒதுக்கி வைத்திருக்காது. குறித்த நாட்களுக்குள் யாரும் கேட்டு வரவில்லை என்றால் வாடிக்கையாளரின் கணக்கிலேயே விடுவித்துவிடும். எத்தனை நாள் என்பது நெட்வொர்க்கையும் கார்டு வகையையும் பொறுத்து மாறும். அதற்குப் பிறகு கடை கேட்டால் பல நேரம் கிடைக்கும். ஆனால் அதற்குள் அந்தக் கணக்கு காலியாகியிருக்கலாம், கார்டு முடக்கப்பட்டிருக்கலாம். தாமதமாகக் கேட்டார்கள் என்ற காரணம் காட்டித் தொகையைத் திரும்பப் பெறவும் நெட்வொர்க் விதிகளில் இடமுண்டு. அந்த நிலையில் கடைக்குக் கைகொடுப்பது வாடிக்கையாளரின் நாணயம்தான். ‘என் பணம் திரும்பி வந்துவிட்டது’ என்று அவர்களே வந்து சொல்வதும் நடக்கிறது.

இங்கே வேறொன்றோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்து, மெஷினில் அனுமதியே வராமல் போவது தனிக் கோளாறு. அதற்கு 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அது கார்டு வைத்திருப்பவருக்கான பாதுகாப்பு. ஸ்லிப் முறையாக வந்து, செட்டில்மென்ட் போடாமல் விட்ட கடைக்கு அதன்கீழ் எதுவும் கிடைக்காது.

கணக்கு எழுதும் முறையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பல கடைகளில் கார்டு விற்பனையை அன்றே ‘வங்கி வரவு’ என்று எழுதிவிடுகிறார்கள். வராத பணம் வந்ததாகப் புத்தகத்தில் ஏறிவிடுவதால், மாதக் கடைசியில் வங்கி அறிக்கையோடு ஒப்பிடும்வரை தெரிய வழியில்லை. ‘கார்டு மெஷின்’ என்று தனிக் கணக்கு திறந்து, ஒவ்வொரு மெஷினின் செட்டில்மென்ட் தொகையையும் அதில் பற்று எழுதி, வங்கி வரவும் கமிஷனும் வரும்போது கழித்தால், கணக்கு ஓரிரு நாளில் பூச்சியத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் எந்த மெஷின், எந்த நாள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு, நாளொன்றுக்கு ஒரு மெஷினுக்கு ஒரு செட்டில்மென்ட் ஸ்லிப் கையில் இருக்க வேண்டும். விற்பனையே இல்லாத மெஷினுக்கு ‘இன்று இல்லை’ என்று கையால் எழுதி வைத்தாலும் போதும்.

பழைய மெஷினை எடுத்துக்கொண்டு புதியது கொடுக்க ஆள் வரும் நாளில் இரட்டைக் கவனம் வேண்டும். பேட்ச் சிக்கிக்கொண்ட மெஷினைச் சரிசெய்ய அதன் நினைவகத்தை அழிக்கும் வழி ஒன்று இருக்கிறது, அவசரத்தில் அதைச் செய்துவிடுபவர்களும் உண்டு. அழித்தபின் மெஷின் நன்றாக வேலை செய்யும், உள்ளே இருந்த விற்பனைப் பதிவுகள் மட்டும் இருக்காது. ஆகவே விவர அறிக்கையை அச்செடுத்து, செட்டில்மென்ட் போட்டு, ஸ்லிப்பைக் கையில் வாங்கிய பிறகே பழைய மெஷினைக் கொடுங்கள்.