க்ளெய்மே இல்லை, பிரீமியம் ஏன் ஏறியது?

வருஷம் முழுக்க ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. ஆனாலும் மெடிக்ளெய்ம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி வரும் நோட்டீஸில் தொகை கூடியிருக்கிறது. ஏஜென்ட்டைக் கேட்டால் “எல்லாருக்கும்தான் சார் ஏறியிருக்கு” என்பார். கஸ்டமர் கேரில் “மருத்துவச் செலவு கூடிப்போச்சு” என்பார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நம் நோட்டீஸில் எது எவ்வளவு ஏறியது என்று அவை சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள பாலிசிதாரருக்கு முழு உரிமை உண்டு.

க்ளெய்ம் வாங்காதவருக்குக் கிடைக்கும் பலன் பெரும்பாலும் போனஸாகக் காப்பீட்டுத் தொகையில்தான் சேரும், பிரீமியத்தைக் குறைக்காது. பிரீமியத்தை முடிவு செய்வது வயது, காப்பீட்டுத் தொகை, சில பாலிசிகளில் ஊர், இவற்றை வைத்துப் போட்ட கட்டண அட்டவணை. குடும்பம் முழுவதற்கும் ஒரே பாலிசி என்றால் பெரும்பாலும் மூத்தவரின் வயதுதான் கணக்கு.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். குடும்பத்தலைவருக்கு இந்த ஆண்டு 46 வயது. போன வருஷம் அடிப்படை பிரீமியம் 20,000 ரூபாய். ரத்த அழுத்தம் இருப்பதால் பாலிசி எடுத்தபோதே போட்ட 10 சதவீத லோடிங் 2,000. இரண்டும் சேர்ந்த 22,000-க்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 3,960. ஆக, கட்டியது 25,960. இந்த வருஷ நோட்டீஸில் 27,500 என்று இருக்கிறது. 1,540 ரூபாய்தானே கூடியிருக்கிறது என்று கட்டிவிடத் தோன்றும்.

ஆனால் தனிநபர், குடும்ப மருத்துவ பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது. அப்படியானால் இந்த 27,500-இல் வரியே இல்லை. 22,000 என்பது 27,500 ஆகியிருக்கிறது. உண்மையான ஏற்றம் 25 சதவீதம். வரி விலகியதால் மிச்சமாக வேண்டிய பணம் பிரீமியத்துக்குள் போய்விட்டது. மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

ஏறிய 5,500-ஐயும் பிரிக்கலாம். போன வருஷ அட்டவணையில் 41 முதல் 45 வயது வரை 20,000, 46 முதல் 50 வரை 23,000 என்று வைத்துக்கொள்வோம். வயதுப் படி மாறியதற்கு 3,000. புதிய அட்டவணையில் அதே படி 25,000 என்றால், கட்டண உயர்வு 2,000. லோடிங் சதவீதக் கணக்கு என்பதால் அடிப்படை ஏறும்போது அதுவும் தானாக 500 ஏறுகிறது.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. வயதுப் படி மாற்றம் பாலிசி எடுக்கும்போதே அட்டவணையில் இருப்பது. அதை எதிர்த்து வாதாட இடமில்லை. கட்டண உயர்வு அப்படியல்ல. மூன்று மாதம் முன்பே தெரிவிப்போம் என்ற நிபந்தனை பாலிசிப் பத்திரத்திலேயே இருக்கும், பிரித்துப் பாருங்கள். ஒருவர் தனிப்பட்ட முறையில் வாங்கிய க்ளெய்மைக் காட்டி லோடிங் போடுவதில்லை என்பதும் அதே பத்திரத்தில் இருக்கும் நிபந்தனை. 10 சதவீதம் திடீரென்று 20 ஆகியிருந்தால் காரணம் கேட்டே ஆகவேண்டும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யிடம் முன்கூட்டியே கலந்துபேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது.

கேள்வியை ஃபோனில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். இப்படி எழுதலாம்: “சென்ற ஆண்டுக்கும் இந்த ஆண்டுக்கும் அடிப்படை பிரீமியம், லோடிங் சதவீதமும் தொகையும், கூடுதல் ரைடர்கள், தள்ளுபடிகள், வரி ஆகியவற்றைத் தனித்தனி வரியாகத் தரவும். என் புதிய வயதுப் படிக்குச் சென்ற ஆண்டு அட்டவணையில் என்ன கட்டணம் இருந்தது? கட்டணம் திருத்தப்பட்டிருந்தால் எனக்கு எந்தத் தேதியில் தெரிவித்தீர்கள்?” ரைடர்களையும் தள்ளுபடிகளையும் விட்டுவிடாதீர்கள். கேட்காத ரைடர் ஒன்று சேர்ந்திருப்பதும், முதல் வருஷத் தள்ளுபடி சத்தமில்லாமல் கழன்றிருப்பதும் அங்கேதான் தெரியும்.

“நிறுவன விதிப்படி” என்று ஒற்றை வரிப் பதில் வந்தால், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அடுத்தது ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் ‘பீமா பரோசா’ இணையதளம். புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம்; தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பிரீமியத் தகராறு அவர் விசாரிக்கக்கூடிய விஷயம்தான். கட்டணமும் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஆனால் பதில் வரட்டும் என்று பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். ஆண்டுப் பிரீமிய பாலிசிக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. அதற்குள் கட்டினால் பாலிசி தொடரும். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலக் கணக்கும் பிழைக்கும். ஆனால் கட்டாமல் இருந்த இடைப்பட்ட நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செலவு நம் தலையில்தான். பணத்தைக் கட்டிவிட்டே சண்டையைத் தொடரலாம். வேறு நிறுவனத்துக்கு மாறும் எண்ணம் இருந்தால், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். அதனால் விவரம் கேட்கும் மின்னஞ்சலை இரண்டு மாதம் முன்பே அனுப்புவது நல்லது.