ஒரு தாய்க்காக ஆடிய இறுதி ஆட்டம்

2007 ஜூலை 25. கோலாலம்பூரில் ஆசியக் கோப்பை அரையிறுதி. கோலே விழாத ஆட்டத்தில் தென் கொரியாவைப் பெனால்டியில் 4-3 என்று வீழ்த்தி, ஈராக் கால்பந்து அணி முதன்முறையாக இறுதிக்குள் நுழைந்தது. பாக்தாத் தெருக்களில் மக்கள் கொண்டாட இறங்கினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இரண்டு கார் குண்டுகள் வெடித்தன. சுமார் 50 பேர் இறந்தார்கள்.

செய்தியை வீரர்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். நாம் ஜெயித்ததால்தானே இவர்கள் தெருவுக்கு வந்தார்கள் என்ற எண்ணம் அவர்களை அறுத்தது. போட்டியிலிருந்து விலகிவிடலாம் என்று சிலர் பேசத் தொடங்கினார்கள்.

அது ஏற்கெனவே ஒட்டாத அணிதான். நாட்டில் ஷியாவும் சன்னியும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த காலம். கேப்டன் யூனிஸ் மஹ்மூத் சன்னி. நடுக்கள வீரர் நஷத் அக்ரம் ஷியா. ஹவார் முல்லா முகமது குர்து. போட்டிக்கு இரண்டு மாதங்கள் முன்புதான் பொறுப்பேற்றிருந்தார், பிரேசிலில் பிறந்த பயிற்சியாளர் ஜோர்வான் வியேரா. தொடக்கத்தில் வீரர்களுக்குள் இருந்த பகையைத் தணிப்பதே தனக்குப் பெரிய வேலையாக இருந்ததாக அவர் பின்னர் சொன்னார். பாக்தாத்தில் பயிற்சி எடுக்க வழியில்லாமல் அணி ஜோர்டானில் தங்கியிருந்தது.

அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் ஒரு தாய் தோன்றினார். குண்டுவெடிப்பில் மகனைப் பறிகொடுத்தவர். அணி கோப்பையை வெல்லும்வரை மகனுக்காகத் துக்கம் காக்கப் போவதில்லை என்றார்.

விலகும் பேச்சை நிறுத்தியது அந்தத் தாய்தான் என்று யூனிஸ் மஹ்மூத் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் முன்வைத்த வாதத்தின் சாரம் ஒரே வரியில் அடங்கும்: இந்த அம்மாவுக்காக நாம் ஜெயித்தே ஆக வேண்டும். யார் ஷியா, யார் சன்னி என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. சண்டையை மறந்து கைகுலுக்குங்கள் என்றால், யார் முதலில் கை நீட்டுவது என்று அடுத்த சண்டை வந்திருக்கும். ஒரு தாயின் சொல்லைக் காப்பாற்றுவோம் என்றால், மறுத்துப் பேச யாருக்கும் வாய் வராது. கேப்டன் கேட்டதும் பெரிய காரியமல்ல. இன்னும் ஒரே ஒரு ஆட்டம்.

ஜூலை 29. ஜகார்த்தாவில் எதிரே நின்றது சவுதி அரேபியா, மூன்று முறை ஆசியச் சாம்பியன். ஆட்டம் எழுபது நிமிடம் தாண்டியும் கோல் இல்லை. குர்து வீரர் ஹவார் கார்னரிலிருந்து பந்தை உயர அடித்தார். சவுதி கோல்கீப்பர் முன்னேறி வந்து பந்தைத் தவறவிட, பின்னால் காத்திருந்த சன்னி கேப்டன் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார். ஈராக் 1-0 என்று வென்றது.

கோப்பையோடு அணி பாக்தாத் திரும்பியபோது யூனிஸ் மஹ்மூத் உடன் செல்லவில்லை. ஊருக்குப் போனால் யாராவது தன்னைக் கொன்றுவிடக்கூடும் என்று இறுதி ஆட்டம் முடிந்ததுமே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்.