படிவம் 16-இல் இருப்பதே முடிவல்ல

ஏப்ரல் மாதம் கம்பெனியின் சம்பளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். பழைய வரி முறையா, புதிய வரி முறையா என்று கேட்டிருப்பார்கள். பலர் அதற்குப் பதில் போடுவதில்லை. பதில் வராவிட்டால் புதிய முறைப்படியே வரி பிடிக்க வேண்டும் என்பது விதி. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பான முறை. ஆண்டு முழுக்க அப்படியே பிடித்துவிட்டு, ஜூன் மாதம் படிவம் 16-ஐக் கையில் கொடுக்கிறார்கள். வீட்டு வாடகைக்கும் பி.எஃப்.புக்கும் கழிவே இல்லாததைப் பார்த்ததும், போன பணம் போனதுதான் என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விட வேண்டியதில்லை. கம்பெனியிடம் நாம் சொல்வது, மாதாமாதம் எவ்வளவு டிடிஎஸ் பிடிப்பது என்பதற்காக மட்டுமே. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. சட்டப்படியான தேர்வு ரிட்டர்னில்தான் நடக்கிறது. சம்பளம் மட்டும் வாங்குகிறவர் ஒவ்வோர் ஆண்டும் தனக்கு லாபமான முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு கணக்கு

2025-26 நிதியாண்டுக்கான கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் ஓர் ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 18 லட்சம். அதில் அடிப்படைச் சம்பளம் 9 லட்சம், வீட்டு வாடகைப் படி 4.5 லட்சம். மாதம் 35,000 ரூபாய் வாடகை தருகிறார். மதுரையில் பெற்றோர் குடியிருக்கும் வீடு இவர் பெயரில் இருக்கிறது. அதன் கடனுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வட்டி கட்டுகிறார்.

கம்பெனி புதிய முறையில் கணக்குப் போட்டிருக்கிறது. நிலையான கழிவு 75,000 போக 17.25 லட்சத்துக்கு வரி 1,45,000. நான்கு சதவீத செஸ் சேர்த்து 1,50,800 ரூபாயைப் பிடித்துவிட்டார்கள்.

இப்போது பழைய முறை. வாடகைப் படியில் எவ்வளவுக்கு வரி கிடையாது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மூன்று தொகைகளில் எது குறைவோ அதுவே விலக்கு. வாங்கிய படி 4.5 லட்சம். சென்னை என்பதால் அடிப்படைச் சம்பளத்தில் பாதி, அதுவும் 4.5 லட்சம். கொடுத்த வாடகை 4.2 லட்சத்தில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தால் 3.3 லட்சம். ஆகவே விலக்கு 3.3 லட்சம். நிலையான கழிவு இந்த முறையில் 50,000தான். பிறகு கடன் வட்டி 2 லட்சம், 80சி பிரிவில் 1.5 லட்சம், தனக்கும் மூத்த குடிமக்களான பெற்றோருக்கும் கட்டிய மருத்துவக் காப்பீடு 75,000, தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் சொந்தமாகப் போட்ட 50,000. எல்லாம் போக வரிக்கு உட்படுவது 9.45 லட்சம். வரி 1,01,500, செஸ் சேர்த்து 1,05,560. ரிட்டர்னில் பழைய முறைக்கு மாறினால் இவருக்கு 45,240 ரூபாய் ரீஃபண்ட் வரும்.

இதே ஊழியருக்கு மதுரை வீட்டுக் கடன் இல்லையென்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் வரி 1,62,240 ஆகிவிடும். புதிய முறையைவிட அது 11,440 அதிகம். வாடகை, காப்பீடு, 80சி எல்லாம் இருந்தும் பழைய முறை தோற்கிறது. 18 லட்சம் சம்பளத்தில் நிலையான கழிவு தவிர ஏறக்குறைய 6.42 லட்சத்துக்கு மேல் கழிவுகள் இருந்தால்தான் பழைய முறை லாபம். கழிவுகள் நிறைய இருக்கின்றன என்ற எண்ணத்தை மட்டும் நம்பி மாறக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ரிட்டர்னில் எங்கே மாற்றுவது?

ஐடிஆர்-1 படிவத்தில் புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா என்ற கேள்வி இருக்கும். "Opting out of new tax regime" என்ற சொற்களைத் தேடுங்கள். அதில் முன்கூட்டியே "No" என்றுதான் இருக்கும். பழைய முறை வேண்டுமென்றால் "Yes" என்று மாற்ற வேண்டும். புதிய முறை வேண்டும் என்று நினைத்து "Yes" போட்டுவிடும் ஆபத்து இங்கே உண்டு, கேள்வி விலகுவதைப் பற்றியது.

மாற்றியதும் கழிவுகள் தாமாக வந்துவிடாது. கம்பெனி அனுப்பிய விவரத்தில் வாடகைப் படி விலக்கே இல்லாததால், போர்ட்டல் நிரப்பித் தரும் சம்பளப் பகுதியிலும் அது இருக்காது. விலக்கு பெறும் படிகளின் பட்டியலில் 10(13A) பிரிவைத் தேர்ந்தெடுத்து நீங்களே எழுத வேண்டும். காப்பீட்டு பாலிசி எண், கடன் கொடுத்த வங்கியின் பெயர், கடன் கணக்கு எண் போன்றவற்றையும் இப்போது படிவத்திலேயே கேட்கிறார்கள்.

கம்பெனி பழைய முறையில் பிடித்திருந்து நீங்கள் புதிய முறைக்கு வந்தால் வேலை தலைகீழ். படிவம் 16-இல் கழித்திருக்கும் வாடகைப் படி விலக்கை எடுத்துவிட்டு முழுச் சம்பளத்தையும் காட்ட வேண்டும். நிலையான கழிவு 75,000 ஆக உயரும்.

ஆதாரம் இல்லாவிட்டால்

படிவம் 16-இல் இல்லாத கழிவை ரிட்டர்னில் கேட்பது சட்டப்படி சரியே. ஆனால் கம்பெனி சொன்னதும் நீங்கள் சொல்வதும் வேறுபடுவதால் துறை விளக்கம் கேட்கலாம். கம்பெனி சரிபார்க்காத ஆதாரங்களை அப்போது நீங்கள்தான் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், வாடகை போனதற்கான வங்கிப் பதிவு, வீட்டு உரிமையாளரின் பான் எண், வங்கி தரும் வட்டிச் சான்று ஆகியவற்றை ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.

நமது உதாரணத்தில் வாடகைக்கான விலக்கு மட்டும் ஏற்கப்படாமல் போனால் வரி 2,02,800 ஆகும். கம்பெனி பிடித்ததைவிட 52,000 ரூபாய் கூடுதல், அதற்கு மேல் வட்டி. பொய்யான கழிவு என்று முடிவானால் ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு வரை அபராதம் உண்டு. அதனால் ஒப்பிடும் கணக்கில் கையில் ஆதாரம் இருக்கும் தொகைகளை மட்டுமே சேர்க்க வேண்டும்.

கடைசி நாள்

பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். சம்பளக்காரர்களுக்கு அது வழக்கமாக ஜூலை 31. தாமதமாகப் போட்டால் புதிய முறை மட்டுமே கிடைக்கும்.

கம்பெனி பழைய முறையில் பிடித்திருந்தவர்களுக்கு இது இன்னும் பெரிய அடி. நம் ஊழியரிடம் பழைய முறைப்படி 1,05,560 பிடித்திருந்து, அவர் ஆகஸ்டில் ரிட்டர்ன் போடுகிறார் என்றால், வரி 1,50,800 என்று ஆகி, 45,240 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு வட்டியும், 5,000 ரூபாய் தாமதக் கட்டணமும் சேரும். உங்கள் படிவம் 16-இன் பி பகுதியில் "Whether opting out of taxation u/s 115BAC(1A)?" என்ற வரிக்கு எதிரே "Yes" என்றிருந்தால் இந்தத் தேதியைத் தவறவே விடாதீர்கள்.

சம்பளத்தோடு தொழில் வருமானமும் உள்ளவர்களுக்கு விதி வேறு. பகுதிநேர ஆலோசனைக் கட்டணமும், பங்குச் சந்தையில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகமும் தொழில் வருமானத்தில் சேரும். இவர்கள் பழைய முறைக்குப் போக 10-IEA படிவத்தைக் கெடுவுக்குள் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். பிறகு புதிய முறைக்கு ஒருமுறை திரும்பிவிட்டால், தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழைய முறைக்கு வர முடியாது. ஓர் ஆண்டு ரீஃபண்டை மட்டும் பார்த்து இவர்கள் முடிவெடுக்கக் கூடாது. அடுத்த சில ஆண்டுகளில் கடன் வட்டியும் வாடகையும் எப்படி இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.