வீட்டுக் கடன் வட்டிச் சான்றிதழ்

வீட்டுக் கடன் வட்டிச் சான்றிதழ் என்பது, வீடு வாங்கவோ கட்டவோ கடன் பெற்ற ஒருவர் ஒரு நிதியாண்டில் செலுத்திய அசலையும், அந்த ஆண்டுக்குரிய வட்டியையும் தனித்தனியே காட்டி, கடன் கொடுத்த வங்கி வழங்கும் ஆவணம் ஆகும். இந்தியாவில் வீட்டுக் கடனுக்கான வருமான வரிக் கழிவுகளைக் கோருவதற்கு இது அடிப்படைச் சான்றாகும். வங்கி இதில் எழுதும் இரண்டு தொகைகளையும் சட்டம் ஒரே முறையில் நடத்துவதில்லை. அசல் செலுத்தப்பட்டால்தான் கழிவு உண்டு. வட்டி செலுத்தப்படாவிட்டாலும், செலுத்த வேண்டியதாக ஆகியிருந்தால் கழிவு உண்டு. கழிவு கோரும்போது நேரும் பிழைகள் பலவும் இந்த வேறுபாட்டிலிருந்தே எழுகின்றன.

## சட்ட அடிப்படை

2025-26 நிதியாண்டு வரையிலான வருமானத்துக்கு வருமான வரிச் சட்டம், 1961 பொருந்தும். அச்சட்டத்தின் பிரிவு 80சி அசலுக்கும், பிரிவு 24(பி) வட்டிக்கும் கழிவு அளிக்கின்றன.

பிரிவு 80சி, நிதிச் சட்டம், 2005 மூலம் கொண்டுவரப்பட்டது. இதன் உச்சவரம்பு 2014இல் ஒரு இலட்சம் ரூபாயிலிருந்து 1,50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இந்த வரம்பு வீட்டுக் கடனுக்கு மட்டும் உரியதன்று. ஆயுள் காப்பீட்டுத் தவணை, வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதியத் திட்டத்துக்கான ஊழியரின் பங்களிப்பு முதலியனவும் இதே வரம்புக்குள் அடங்கும்.

பிரிவு 24(பி) வீட்டுச் சொத்து வருமானத்திலிருந்து வட்டியைக் கழிக்க இடமளிக்கிறது. உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை வருமானம் இல்லாததால், கழிக்கப்படும் வட்டி 'வீட்டுச் சொத்து இழப்பு' ஆகிறது. இவ்விழப்பு சம்பள வருமானத்திலிருந்து ஈடுசெய்யப்படுகிறது. இதன் உச்சவரம்பு 2014 முதல் ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் ஆகும். கடன் பெற்ற நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் வீடு கட்டி முடிக்கப்படாவிட்டால் இவ்வரம்பு 30,000 ரூபாயாகக் குறைந்துவிடும்.

2,00,000 ரூபாய் வரம்பைப் பெறுவதற்குக் கடன் கொடுத்தவரின் சான்றிதழ் வேண்டும் என்பது பிரிவு 24இலேயே நிபந்தனையாகக் கூறப்பட்டுள்ளது. வீடு வாங்குவதற்கோ கட்டுவதற்கோ பெற்ற கடனுக்குச் செலுத்த வேண்டிய வட்டி எவ்வளவு என்பதை அச்சான்றிதழ் குறிப்பிட வேண்டும்.

## கடன் கொடுப்பவர்

அசலுக்கான கழிவு, சட்டம் பட்டியலிட்ட நிறுவனங்களிடம் பெற்ற கடனுக்கே கிடைக்கும். வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், ஆயுள் காப்பீட்டுக் கழகம், வீட்டுவசதி நிதி நிறுவனங்கள், மத்திய மாநில அரசுகள் முதலியன அப்பட்டியலில் உள்ளன. வட்டிக்கான கழிவுக்கு இத்தகைய பட்டியல் இல்லை. எனவே உறவினர் ஒருவரிடம் வீடு கட்டக் கடன் வாங்கி வட்டி கொடுப்பவர், அவரிடமிருந்து சான்றிதழ் பெற்று வட்டிக்குக் கழிவு கோரலாம். அசலுக்குக் கோர இயலாது. வட்டி பெறும் உறவினர் அதனைத் தம் வருமானமாகக் காட்ட வேண்டும்.

## தவணையில் அசலும் வட்டியும்

மாதத் தவணை ஆண்டு முழுவதும் ஒரே தொகையாக இருப்பினும், அதனுள் இருக்கும் அசலின் பங்கு மாதந்தோறும் மாறுகிறது. ஆகவே பன்னிரண்டு தவணைகளைக் கூட்டிய தொகையிலிருந்து கழிவுத் தொகைகளை நேரடியாக அறிய முடியாது. இதனாலேயே வங்கியின் பகுப்பு தேவைப்படுகிறது.

இராமநாதபுரம் மாவட்டம், ஆர்.எஸ்.மங்கலத்தில் வீடு கட்டிய ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்குத் தரப்படும் தொகைகள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. அவர் 2022 ஜூலையில் வங்கிக் கடன் பெறுகிறார். அடித்தளம், சுவர், தளம் எனக் கட்டுமானம் வளர வளர, வங்கி 2024 மார்ச் முடிவதற்குள் மொத்தம் 20,00,000 ரூபாய் வழங்குகிறது. அதுவரை அவர் வட்டியை மட்டும் செலுத்துகிறார். 2024 ஏப்ரலில் வீடு முடிந்து, முழுத் தவணையும் தொடங்குகிறது.

ஆண்டு வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டுகள் எனில் மாதத் தவணை 17,356 ரூபாய் ஆகும். முதல் தவணையில் 14,167 ரூபாய் வட்டி. 3,189 ரூபாய் மட்டுமே அசல். 2024-25 நிதியாண்டின் பன்னிரண்டு தவணைகளின் கூட்டுத்தொகை 2,08,272 ரூபாய். அதில் வட்டி 1,68,473 ரூபாய், அசல் 39,799 ரூபாய்.

## கட்டுமானக் கால வட்டி

வீடு முடியும் முன்பு செலுத்திய வட்டிக்கு அந்தந்த ஆண்டில் கழிவு இல்லை. வீடு முடிந்த நிதியாண்டுக்கு முந்தைய மார்ச் 31 வரையிலான வட்டி முழுவதையும் கூட்டி, வீடு முடிந்த ஆண்டு தொடங்கி ஐந்து சம பங்குகளாக ஐந்து ஆண்டுகளில் கழிக்க வேண்டும். ஆசிரியரின் 2022-23, 2023-24 ஆகிய இரு ஆண்டுச் சான்றிதழ்களின்படி அவ்வட்டி 1,50,000 ரூபாய் எனில், 2024-25 முதல் 2028-29 வரை ஆண்டுக்கு 30,000 ரூபாய் கழிக்கலாம். இந்தப் பங்குக்குத் தனி வரம்பு இல்லை. இதுவும் 2,00,000 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். எனவே 2024-25இல் அவர் கோரத்தக்க வட்டி 1,98,473 ரூபாய் ஆகும்.

வங்கி ஆண்டுதோறும் வழங்கும் சான்றிதழ் பொதுவாக அந்த ஆண்டின் வட்டியை மட்டுமே காட்டும். ஐந்தில் ஒரு பங்கை அது கணக்கிட்டுத் தராது. ஆகையால் கட்டுமானக் காலச் சான்றிதழ்களை ஐந்து ஆண்டுகளுக்கும் பாதுகாத்து வைப்பது கடன் பெற்றவரின் பொறுப்பாகும்.

## தற்காலிகச் சான்றிதழும் இறுதிச் சான்றிதழும்

சம்பளம் வழங்கும் அலுவலர் மார்ச் மாதத்துக்குள் ஆண்டு வரியைப் பிடித்தம் செய்து முடிக்க வேண்டும். ஆகவே கழிவுக்கான சான்றுகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் கேட்கப்படுகின்றன. 1961 சட்டத்தின் கீழ் இதற்கான படிவம் 12பிபி ஆகும். அதில் கடன் கொடுத்தவரின் பெயர், முகவரி, நிரந்தரக் கணக்கு எண் ஆகியவற்றை எழுத வேண்டும். அந்நேரத்தில் ஆண்டு முடிந்திருக்காது என்பதால் வங்கி தற்காலிகச் சான்றிதழ் ஒன்றை வழங்குகிறது. எஞ்சிய தவணைகள் யாவும் உரிய நாளில் செலுத்தப்படும், வட்டி வீதம் மாறாது என்னும் அனுமானத்தின் மேல் இது கணிக்கப்படுகிறது. மார்ச் 31க்குப் பின் வழங்கப்படும் இறுதிச் சான்றிதழே நடந்ததைக் காட்டும். வருமான வரி அறிக்கையை அதனைக் கொண்டே நிரப்ப வேண்டும்.

மேற்கண்ட ஆசிரியர் பிப்ரவரி, மார்ச் தவணைகள் இரண்டையும் செலுத்தத் தவறி, மே மாதத்தில் செலுத்தினார் என்று கொள்வோம். தற்காலிகச் சான்றிதழில் அசல் 39,799 ரூபாய் என்றே இருக்கும். ஆனால் பத்துத் தவணைகளில் அடைந்த அசல் 32,929 ரூபாய் மட்டுமே. வேறுபாடான 6,870 ரூபாயை 2024-25இல் கோருவது பிழையாகும். மே மாதத்தில் செலுத்திய அசல் அடுத்த நிதியாண்டையே சேரும்.

வட்டியின் நிலை வேறு. பத்துத் தவணைகளில் வங்கி பெற்ற வட்டி 1,40,631 ரூபாய். செலுத்தாத இரு மாதங்களுக்கும் சேர்ந்த வட்டி ஏறத்தாழ 27,867 ரூபாய். இரண்டையும் கூட்டிய 1,68,498 ரூபாய் அந்த ஆண்டில் செலுத்த வேண்டிய வட்டி என்பதால், முழுவதையும் கோரலாம். செலுத்தாத வட்டியின் மேல் ஏறும் வட்டிக்கும், தாமதக் கட்டணத்துக்கும் கழிவு இல்லை. இறுதிச் சான்றிதழ் 1,40,631 ரூபாயை மட்டும் காட்டினால், அது வசூலான வட்டி என்று அறியலாம். அந்நிலையில் ஆண்டுக்குரிய வட்டியைக் குறிப்பிடுமாறு கிளையில் கேட்டுப் பெற வேண்டும்.

தவணை தவறாத ஆண்டில் சான்றிதழைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஆண்டின் தொடக்க நிலுவையிலிருந்து இறுதி நிலுவையைக் கழித்தால் கிடைப்பது அசல் தொகையாக இருக்க வேண்டும். அசலையும் வட்டியையும் கூட்டினால் சேமிப்புக் கணக்கிலிருந்து தவணைக்காக எடுக்கப்பட்ட மொத்தத் தொகை வர வேண்டும். ஆண்டின் இடையில் அசலின் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைத்தவருக்கு, தற்காலிகச் சான்றிதழிலுள்ள அசல் உண்மையைவிடக் குறைவாக இருக்கும்.

## சான்றிதழ் காட்டாதவை

சான்றிதழ் இருப்பதனால் மட்டும் உரிமை உண்டாகிவிடுவதில்லை. கழிவு கோருபவர் வீட்டின் உரிமையாளராகவும் கடன் பெற்றவராகவும் இருக்க வேண்டும். மனை தந்தையின் பெயரிலும் வீடு அவருக்குரியதாகவும் இருந்து, மகன் கடன் வாங்கித் தவணை கட்டினால், மகனுக்குக் கழிவு இல்லை. கணவனும் மனைவியும் இணை உரிமையாளர்களாகவும் இணைக் கடனாளிகளாகவும் இருப்பின் இருவரும் தத்தம் பங்கைத் தனித்தனி வரம்புக்குள் கோரலாம். ஆனால் வங்கி இருவர் பெயரிலும் ஒரே சான்றிதழையே தருவது வழக்கம். ஒரே தொகையை இருவரும் முழுமையாகக் கோருவது கூடாது.

வீடு கைக்கு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதனை விற்றால், அதுவரை அசலுக்காகப் பெற்ற கழிவுகள் யாவும் விற்ற ஆண்டின் வருமானமாகச் சேர்க்கப்படும். வட்டிக் கழிவுக்கு இவ்விதி இல்லை.

## புதிய வரிமுறை

2023-24 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையே இயல்பானதாக உள்ளது. அதில் அசலுக்கான கழிவும், தாமே குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவும் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டியைக் கழிக்கலாம். எனினும் அதனால் வரும் இழப்பைச் சம்பளத்திலிருந்து ஈடுசெய்ய இயலாது. தாமே குடியிருக்கும் வீட்டுக்கு இக்கழிவுகளைப் பெற விரும்புபவர் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்து, உரிய காலக்கெடுவுக்குள் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும்.

தவணைகள் யாவும் செலுத்தப்பட்டன எனக் கொண்டு ஆசிரியரின் கணக்கைப் பார்க்கலாம். 2024-25இல் அவருடைய சம்பளம் 9,50,000 ரூபாய் என்க. நிலைக் கழிவு 50,000 ரூபாயும் வட்டி 1,98,473 ரூபாயும் முதலில் நீங்கும். ஓய்வூதியப் பங்களிப்பு, காப்பீட்டுத் தவணை ஆகியவற்றுக்கு 1,02,000 ரூபாய் செலுத்தியிருப்பின், அசலையும் சேர்த்து 80சி கழிவு 1,41,799 ரூபாய். வரிக்குரிய வருமானம் 5,59,730 ரூபாய். மேல்வரி உட்பட வரி ஏறத்தாழ 25,400 ரூபாய். புதிய முறையில் நிலைக் கழிவு 75,000 ரூபாய் போக வரி 39,000 ரூபாய். அவ்வாண்டில் பழைய முறை அவருக்கு ஆதாயமானது.

2025-26இல் இந்நிலை தலைகீழானது. புதிய முறையில் 12,00,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு வரித் தள்ளுபடி மூலம் வரி இல்லாமற் போனது. அதே சம்பளம் பெறும் ஆசிரியருக்குப் புதிய முறையில் வரி ஏதுமில்லை. வீட்டுக் கடன் கழிவுகள் அவருக்குப் பயன்படா. கட்டுமானக் கால வட்டியில் எஞ்சிய நான்கு பங்குகளும், அவர் புதிய முறையில் இருக்கும் ஆண்டுகளில் பயனின்றிக் கழியும்.

## அண்மைய மாற்றங்கள்

2024-25 நிதியாண்டு வருமானத்துக்கான அறிக்கைப் படிவங்களில், வட்டிக் கழிவு கோருவோர் கடன் கொடுத்தவரின் பெயர், கடன் கணக்கு எண், கடன் அனுமதிக்கப்பட்ட நாள், மொத்தக் கடன், ஆண்டிறுதி நிலுவை ஆகியவற்றை நிரப்ப வேண்டியதாயிற்று. அறிக்கையுடன் சான்றிதழை இணைப்பதில்லை எனினும், துறை கேட்கும்போது காட்டும் பொருட்டு அதனை வைத்திருக்க வேண்டும்.

வருமான வரிச் சட்டம், 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாக இயற்றப்பட்டது. அதில் வட்டிக் கழிவு பிரிவு 22இலும், 80சி கழிவுகள் பிரிவு 123இலும் இடம்பெறுகின்றன.